பழைய கடன் எல்லாம் வாராக்கடன் அல்ல

‘தள்ளுபடி’ என்ற சொல்லை நாம் இரண்டு பொருளில் பயன்படுத்துகிறோம். வராது என்று தெரிந்த கடனைக் கணக்குப் புத்தகத்திலிருந்து நீக்குவதும் தள்ளுபடிதான்; “பரவாயில்லை, கொடுக்க வேண்டாம்” என்று கடன்காரரை விடுவிப்பதும் தள்ளுபடிதான். வணிகத்தில் இவை இரண்டும் வேறு வேறு. முதலாவது நம் புத்தகத்துக்குள் நடப்பது. வாடிக்கையாளருக்கு அது தெரிய வேண்டியதில்லை, கடனும் அழிவதில்லை. இரண்டாவது கடனையே முடித்துவிடுவது. ஆண்டு முடிவில் நிலுவைகளைப் பார்த்து “அடித்துவிடலாம்” என்று முடிவெடுக்கும் சிறு வணிகர்கள் பலர் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

கணக்கியல் படிக்கும் எனக்கு இது புரிந்தது, கிள்ளானில் மசாலாப் பொருள் மொத்த வியாபாரம் செய்யும் என் மாமாவின் நிலுவைப் பட்டியலைத் தயாரித்தபோதுதான். அவரிடம் கணினிக் கணக்கு இல்லை. இன்வாய்ஸ் புத்தகங்களின் நகல் தாள்களைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தார். அந்தப் படங்களைப் பார்த்து விரிதாளில் ஒவ்வொரு இன்வாய்ஸுக்கும் எண், தேதி, வாடிக்கையாளர், தொகை ஆகியவற்றைப் பதிந்தேன். மாமா கொடுக்கும் தவணை 30 நாள். ஆகவே கடனின் வயதை இன்வாய்ஸ் தேதியிலிருந்து எண்ணக்கூடாது. அதற்கு 30 நாள் கழித்து வரும் கெடு தேதியிலிருந்து எண்ண வேண்டும். 2024 டிசம்பர் 31-ஐக் கணக்கு நாளாக வைத்து, கெடு வராதவை, 30 நாள் வரை, 60 நாள் வரை, 90 நாள் வரை, அதற்கும் மேல் என்று பிரித்தேன்.

படங்களை மட்டும் நம்பினால் ஒரு சிக்கல் உண்டு. எடுக்காமல் விட்ட படம் தன்னைக் காட்டிக்கொள்ளாது. இன்வாய்ஸ் எண்தான் அதைக் காட்டிக்கொடுக்கும். புத்தகத்தில் எண்கள் வரிசையாக அச்சிடப்பட்டவை என்பதால், பட்டியலை எண் வாரியாக அடுக்கினால் விடுபட்டதும் இருமுறை பதிந்ததும் உடனே தெரியும். எண் ஏறும்போது தேதியும் ஏற வேண்டும். 3/4 என்று எழுதிய ஏப்ரல் 3-ஐ விரிதாள் மார்ச் 4 என்று எடுத்துக்கொண்டால், அந்த இடத்தில் தேதி பின்னோக்கிப் போகும். ஒரு மாத வித்தியாசம் ஒரு கடனை வேறு கட்டத்துக்குத் தள்ளிவிடும்.

பட்டியல் முடிந்ததும் மாமா சொன்னார்: “90 நாளைத் தாண்டினதை எல்லாம் அடிச்சிடு. வரியாவது குறையும்.” கேட்க எளிதான விதி. ஆனால் அந்தப் பட்டியலில் இருந்த நான்கு வாடிக்கையாளர்களை எடுத்துப் பார்த்தால், அந்த விதி எங்கே தவறுகிறது என்பது தெரியும்.

முதலாவது, வாழையிலை உணவகம் ஒன்று. மார்ச் முதல் டிசம்பர் வரை ஒவ்வொரு மாதக் கடைசியிலும் 1,120 ரிங்கிட் இன்வாய்ஸ். ஆகஸ்ட் வரையிலான ஆறும், மொத்தம் 6,720 ரிங்கிட், 90 நாள் கட்டத்தில் நின்றன. ஆனால் வங்கி அறிக்கையைப் பார்த்தால், அந்த உணவகம் ஒன்பது முறை ஆயிரம் ஆயிரமாகப் பணம் போட்டிருக்கிறது. எந்த இன்வாய்ஸுக்கு என்று குறிப்பிடாததால் அந்த 9,000 ரிங்கிட் எதோடும் சேராமல் தனியாகக் கிடந்தது. கடன்காரர் இன்னதற்கு என்று சொல்லிக் கொடுத்தால் அதற்கே வரவு வைக்க வேண்டும். சொல்லாவிட்டால் பெறுபவர் தேர்ந்தெடுக்கலாம் என்பது 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் நிலை. பழையதிலிருந்து வரிசையாகக் கழித்தால், மிச்சம் 2,200 ரிங்கிட். அதுவும் நவம்பர், டிசம்பர் இன்வாய்ஸ்களுக்கு உரியது. மிக மோசமாகத் தெரிந்த வாடிக்கையாளர் உண்மையில் ஒழுங்காகக் கொடுப்பவர்.

இரண்டாவது, விருந்துச் சமையல் செய்பவர். ஜூலை மாத இன்வாய்ஸ்கள் இரண்டு, 3,150 ரிங்கிட், கெடு முடிந்து நான்கு மாதத்துக்கும் மேல். அவர் தொலைபேசியை எடுக்கிறார். 350 ரிங்கிட் மிளகாய் பூசணம் பிடித்திருந்ததால் திருப்பி அனுப்பியதாகச் சொல்கிறார். கிடங்குக் குறிப்பும் அதையே சொன்னது. இது வாராக்கடன் அல்ல, தீர்க்காமல் விட்ட தகராறு. 350-க்கு வரவுச் சீட்டு கொடுத்துவிட்டு, மீதி 2,800-ஐத் தவணையாகத் தருவதாக அவரிடம் எழுத்தில் வாங்கினால் போதும்.

மூன்றாவது, மூடப்பட்ட ஓர் உணவகம். 2,640 ரிங்கிட், கெடு முடிந்து 75 நாள்தான். 90 நாள் விதிப்படி இது நல்ல கடன். ஆனால் இன்வாய்ஸில் இருப்பது ‘சென்டிரியான் பெர்ஹாட்’ நிறுவனத்தின் பெயர். அந்த நிறுவனத்தைக் கலைக்க உத்தரவாகியிருப்பது எஸ்எஸ்எம் பதிவில் தெரிந்தது. உரிமையாளர் தனி உத்தரவாதம் எதுவும் கொடுக்கவில்லை. சமையலறைச் சாதனங்கள் வங்கிக்கு அடமானம். தனிநபர் பெயரில் பதிந்த கடை என்றால், கடையை மூடினாலும் உரிமையாளர் கடனுக்குப் பொறுப்பு. இங்கே அது இல்லை. கலைப்பு அதிகாரியிடம் கடனுக்கான ஆதாரத்தைப் பதிந்துவிட்டு, புத்தகத்தில் நீக்க வேண்டியது இதைத்தான்.

நான்காவது, ஒரு மளிகைக் கடைக்காரர். 480 ரிங்கிட், 2017 நவம்பர் இன்வாய்ஸ். அதற்குப் பிறகு ஒரு காசும் கொடுக்கவில்லை, எழுத்தில் ஒப்புக்கொள்ளவும் இல்லை. தீபகற்ப மலேசியாவில் 1953ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டப்படி ஒப்பந்தக் கடனுக்கு வழக்குத் தொடுக்க ஆறு ஆண்டுதான். 2023 டிசம்பரோடு அது முடிந்துவிட்டது. இடையில் ஒரு சிறு தொகை கொடுத்திருந்தாலோ, கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டிருந்தாலோ, அந்த நாளிலிருந்து ஆறு ஆண்டு புதிதாகத் தொடங்கியிருக்கும். சமையல்காரரிடம் எழுத்தில் வாங்கச் சொன்னதன் காரணமும் இதுதான்.

இப்போது கூட்டிப் பாருங்கள். 90 நாள் விதியைப் பின்பற்றியிருந்தால் முதல், இரண்டாம், நான்காம் வாடிக்கையாளர்களின் 10,350 ரிங்கிட் நீங்கியிருக்கும். உண்மையில் வராத 2,640 சொத்தாகப் புத்தகத்தில் நின்றிருக்கும். ஒவ்வொன்றாகப் பார்த்தபோது நீக்க வேண்டியது 3,120 ரிங்கிட் மட்டுமே. வயது, எந்தக் கடனை முதலில் விசாரிக்க வேண்டும் என்று சொல்கிறது. எதை நீக்க வேண்டும் என்று அது சொல்வதில்லை.

வருமான வரியும் இப்படித்தான் பார்க்கிறது. 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் கழிவு தருவது, வராது என்று நியாயமாக மதிப்பிட்ட குறிப்பிட்ட கடனுக்கு. ‘90 நாளைத் தாண்டியதில் இத்தனை விழுக்காடு’ என்ற பொதுவான ஒதுக்கீட்டுக்கு அது கிடைக்காது. நினைவூட்டல் கடிதம், அழைப்புகளின் குறிப்பு, எஸ்எஸ்எம் பதிவு போன்ற ஆதாரம் கையில் இருக்க வேண்டும்.

நான்காவது கடனைப் பற்றிப் பேசும்போது மாமா, “அவரு என் பால்ய நண்பருப்பா, கேட்கவே மனசு வரல” என்றார். கேட்காமல் விடுவது அவர் உரிமை. ஆனால் நட்புக்காக விட்டதை வாராக்கடன் என்று எழுதினால் அது வணிகக் காரணம் ஆகாது. வரிக் கழிவும் கேட்க முடியாது. அதை அன்பளிப்பு என்றே எழுதட்டும். இதை நான் சொன்னபோது அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப அப்படியே எழுது” என்றார்.

நம்மில் பலருடைய குடும்பங்களில் இப்படியொரு கடை இருக்கிறது. கணக்கு படித்த பிள்ளையிடம் ‘ஒரு பட்டியல் போட்டுக் கொடு’ என்று கேட்பார்கள். பட்டியலோடு நிறுத்திவிடாதீர்கள். நீக்கும் ஒவ்வொரு கடனுக்கும் எதிரே, யார், எவ்வளவு, என்ன காரணம், என்ன ஆதாரம், யார் முடிவெடுத்தது என்று ஒரு வரி எழுதுங்கள். பின்னாளில் அந்தப் பணம் வந்தால் அதை வருமானமாகக் காட்ட வேண்டும்; அப்போது அந்த வரி தேவைப்படும். காரணம் எழுத முடியாத கடனை இப்போதைக்கு நீக்காதீர்கள். அந்த வாடிக்கையாளரை அழைத்துப் பேசுங்கள்.