நடந்த நடையும் காராச்சேவு டப்பாவும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கமெல்லாம் வெயில் தாழ்ந்த பிறகுதான் நடக்கவே முடியும். முக்கால் மணி நேரம் நடந்துட்டு வந்து, உடம்பு குறையணுமேன்னு ரெண்டு இட்லியோட நிறுத்திப் பார்த்தேன். ராத்திரி பத்தரைக்குக் கை தன்னால சாத்தூர் காராச்சேவு டப்பாவுக்குப் போயிடுச்சு.

கணக்குப் பாருங்க. அந்த நடையில் செலவாவது சுமார் 150, 200 கலோரி. 100 கிராம் சேவில் 500க்கு மேல். ரெண்டு கை அள்ளினாலே நடந்தது அம்புட்டும் போச்சு!

நாக்கை மட்டும் குத்தம் சொல்றது தப்புங்கறது என் கட்சி. ஏழு மணிக்கு வயித்தை ஏமாத்தினா பத்தரைக்கு அது வட்டியோட கேக்குது. இப்போ வந்ததும் உப்புப் போட்ட மோர். எட்டு மணிக்குள்ள குதிரைவாலிச் சோறு, கூட ஒரு கிண்ணம் தட்டாம்பயறு சுண்டல். பயறு மெதுவா செரிக்கறதால தூங்கற வரைக்கும் தாங்குது. சேவு வேணும்னா அந்தச் சோத்தோடயே ஒரு சின்னக் கை; டப்பாவோட உக்கார்றதில்லை.

ஒண்ணு மட்டும்: சுகருக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுக்கறவங்களுக்கு ராத்திரிப் பசியோட கை நடுங்கி வேர்த்தா, அதை ஆசைன்னு அடக்காதீங்க. சர்க்கரை இறங்கியிருக்கலாம். உடனே சர்க்கரைத் தண்ணி குடிச்சிட்டு, மறுநாள் டாக்டர்கிட்ட சொல்லுங்க.