பதில் வராத கடிதத்துக்குத் தவணை குறியுங்கள்

காகிதக் கடிதம் ஆண்ட காலத்தில், கடிதத்தைத் தபாலில் சேர்த்ததோடு குமாஸ்தாவின் வேலை முடிந்துவிடாது. பதில் வரவேண்டிய தேதியைப் பதிவேட்டில் குறித்து வைப்பார். தேதி கடந்தால் நினைவூட்டு போகும். மின்னஞ்சல் வந்த பிறகு அந்த நல்ல வழக்கம் கைவிடப்பட்டது வருந்தத்தக்கது.

பலமனேரில் கடைக் கணக்கு எழுதும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ராணிப்பேட்டையில் முன்பு வேலை பார்த்த கம்பெனிக்கு, தாம் வேலையிலிருந்து நின்ற தேதியை பி.எப். கணக்கில் ஏற்றும்படி வியாழனன்று மின்னஞ்சல் அனுப்புகிறார். அந்தத் தேதி ஏறாவிட்டால் கணக்கை முடித்துப் பணம் பெற முடியாது. மூன்று வேலை நாள் தவணை கொடுக்கலாம். கம்பெனிக்குச் சனி வேலை நாளானால் வெள்ளி, சனி, திங்கள் போய்ச் செவ்வாய்க் காலை பார்க்கவேண்டும். சனி விடுமுறையானால் புதன் காலை.

இதை மனதில் வைத்திருக்க வேண்டியதில்லை. Gmail-இல் Sent பகுதிக்குப் போய், அனுப்பிய கடிதத்தைத் திறந்து, மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, Snooze என்பதில் நாளும் நேரமும் கொடுத்தால் போதும். அந்த நேரத்தில் கடிதம் Inbox-இன் தலைப்பில் வந்து நிற்கும். பதில் வராத கடிதங்களை Gmail தானாகவே சில சமயம் எடுத்துக் காட்டுவதுண்டு. ஆனால் எதைக் காட்டுவது, எப்போது காட்டுவது என்பது அதன் இஷ்டம். அதை நம்பியிருத்தல் கூடாது.

தவணை நாளில் முதலில் கவனிக்கவேண்டியது, கடிதம் போய்ச் சேர்ந்ததா என்பதே. விலாசத்தில் ஓர் எழுத்துப் பிசகினாலும் Mail Delivery Subsystem என்ற பெயரில் திரும்பி வந்திருக்கக்கூடும். Spam பகுதியிலும் தேடுவது நலம். அப்படியிருந்தால் தேவை நினைவூட்டு அல்ல, சரியான விலாசம்.

திரும்பி வரவில்லையென்றால் புதுக் கடிதம் எழுதவேண்டாம். பழைய கடிதத்திலேயே Reply கொடுத்து, இரண்டு வரி எழுதினால் போதும். முதல் கடிதத்தின் தேதியும் வாசகமும் கீழேயே நிற்கும். ஆனால் இணைத்து அனுப்பிய காகிதங்கள் இதில் கூடவே போகா. அவற்றை மறுபடி இணைக்கவேண்டும். இதை மறப்பதால்தான், "காகிதம் எங்கே?" என்ற பதிலோடு இன்னொரு வாரம் கழிகிறது. அனுப்பியதும் அடுத்த தவணையையும் உடனே குறித்துவிடவேண்டும்.

இரண்டு நினைவூட்டுக்கும் மௌனமே பதில் என்றால், மூன்றாவது எழுதுவது வீண். கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் ஆகியிருந்தால், உறுப்பினரே ஆதார் ஓ.டி.பி. மூலம் பி.எப். இணையதளத்தில் அந்தத் தேதியை ஏற்றலாம். அது கூடாமற் போனால் பி.எப். அலுவலகத்தின் புகார்த் தளம் இருக்கிறது. கேட்ட தேதிகள் மூன்றும் ஒரே தொடரில் இருப்பது அப்போதுதான் கைகொடுக்கும். "எழுதினேன்" என்று வாயால் சொல்பவரைவிட, எழுதிய தேதிகளைக் காட்டுபவரின் புகாருக்கு வலு அதிகம்.