அழைப்பது யார்?

கிள்ளானில் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். அந்த வீட்டு மகள் கவிதாவுக்குத் திருமணம். தந்தை இராமன் சில ஆண்டுகளுக்கு முன்பே காலமாகிவிட்டார். தாய் வள்ளிதான் வேலைக்குப் போய் மகளைப் படிக்க வைத்தார். கவிதாவின் பெரியப்பா முத்துவும் பெரியம்மா தேவியும் எல்லா வேலைகளுக்கும் துணை நின்றனர். அச்சகத்திலிருந்து அழைப்பிதழின் மாதிரி வந்தது. அதில் இப்படி இருந்தது:

“அமரர் இராமன் – வள்ளி தம்பதியரின் மகள் கவிதாவுக்கும், திரு. திருமதி சண்முகம் தம்பதியரின் மகன் குமரனுக்கும் திருமணம் நடைபெறும். தங்கள் வரவை நாடும் முத்து – தேவி குடும்பத்தினர்.”

முதல் பார்வையில் இதில் பிழை ஏதும் தெரியவில்லை. எழுத்துகள் சரியாக இருந்தன. பெயர்களும் சரியாக இருந்தன. ஆனால், அதைப் படித்த வள்ளியின் முகம் வாடியது. உயிரோடு இருக்கும் அவர், அந்த அட்டையில் இல்லாதவராகிவிட்டார்.

காரணம் ‘அமரர்’ என்னும் சொல் நின்ற இடம். அச்சொல் இரண்டு பெயர்களுக்கும் முன்னால் நிற்கிறது. இரண்டு பெயர்களும் ஒரு கோட்டால் இணைக்கப்பட்டு, ‘தம்பதியர்’ என்று முடிகின்றன. ஆகவே, குடும்பத்தை அறியாத ஒருவர் தந்தை, தாய் இருவருமே மறைந்துவிட்டனர் என்றுதான் எண்ணுவார். கீழே பெரியப்பா, பெரியம்மா பெயர்கள் அழைப்பவர் இடத்தில் இருப்பது அந்த எண்ணத்தை உறுதியாக்கிவிடும். இதைத் திருத்துவது கடினமன்று. ‘அமரர் திரு. இராமன், திருமதி வள்ளி ஆகியோரின் மகள்’ என்று எழுதினால் போதும். ‘திருமதி’ என்னும் அடைமொழி நடுவில் வந்தவுடன், ‘அமரர்’ தந்தையோடு நின்றுவிடுகிறது. கணவர் மறைந்த பின்னரும் ஒரு பெண்ணுக்குத் ‘திருமதி’ என்னும் அடைமொழி பொருந்தும்.

அடுத்தது, மணமகனின் பெற்றோர் பெயர். ‘திரு. திருமதி சண்முகம்’ என்பதில் தந்தையின் பெயர் மட்டுமே உள்ளது. மணமகனின் தாய்க்குப் பெயரே இல்லை. அவருடன் வேலை செய்தவர்கள் அழைப்பிதழைப் பார்த்தால், இது யார் வீட்டுத் திருமணம் என்று உடனே அறிந்துகொள்ள முடியாது. ‘திரு. சண்முகம் – திருமதி சாந்தி தம்பதியரின் மகன்’ என்று எழுதினால் இருவரும் அடையாளம் பெறுகின்றனர். இடம் போதவில்லை என்று காரணம் சொல்வதும் சரியன்று. கூடுதலாக வருவது ஒரே ஒரு பெயர்தான்.

மூன்றாவதாக, பெயர்களின் வரிசை. மணமகன் பெயர்தான் எப்போதும் முதலில் வர வேண்டும் என்று சிலர் நினைக்கின்றனர். அழைப்பிதழ் என்பது ஒரு வீட்டார் தம் உறவினரையும் நண்பரையும் அழைக்கும் கடிதம். ஆகவே, எந்த வீட்டார் அழைக்கின்றனரோ அந்த வீட்டுப் பிள்ளையின் பெயர் முதலில் வருவதே பொருத்தம். பெண் வீட்டார் தனியாக அச்சிட்டால் கவிதாவின் பெயர் முதலில் வரலாம். மாப்பிள்ளை வீட்டார் அச்சிட்டால் குமரனின் பெயர் முதலில் வரலாம். இரு வீட்டாரும் சேர்ந்து ஒரே அட்டையை அச்சிட்டால், அவர்கள் பேசி முடிவு செய்துகொள்ளலாம். எந்த வரிசையைத் தேர்ந்தெடுத்தாலும் அதைக் கடைசிவரை மாற்றாமல் எழுத வேண்டும். மேலே மணமகள் பெயரை முதலில் எழுதிவிட்டு, கீழே மணமகன் வீட்டார் பெயரை முதலில் எழுதினால், படிப்பவர் யார் யாருடைய பெற்றோர் என்று குழம்புவார்.

இனி, உறவுமுறை. முத்துவும் தேவியும் கவிதாவுக்கு என்ன உறவு என்பது மாதிரியில் இல்லை. முத்து தம் பெயரிலேயே அழைப்பதாக இருந்தால், ‘எங்கள் தம்பியின் மகள்’ என்று எழுத வேண்டும். தமிழர் குடும்பங்களில் அண்ணன் தம்பியின் பிள்ளைகளையும் ‘மகன்’, ‘மகள்’ என்று அழைப்பது வழக்கம்தான். வீட்டுப் பேச்சில் அது அன்பைக் காட்டும். அழைப்பிதழில் எழுதினாலோ பெற்றோர் யார் என்பதையே மாற்றிவிடும்.

தாய்மாமன் அழைத்தால் இன்னொரு சிக்கல் வரும். தங்கையின் மகள் அவருக்கு ‘மருமகள்’ முறை. ஆனால், மகனின் மனைவியையும் ‘மருமகள்’ என்றுதான் சொல்கிறோம். ஆகவே, அவர் ‘எங்கள் மருமகள் கவிதாவுக்கும்’ என்று எழுதினால், அவர் மணமகனின் தந்தையோ என்று படிப்பவர் ஐயுறுவார். ‘எங்கள் தங்கையின் மகள்’ என்று எழுதினால் ஐயம் எழாது.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி, அழைப்பது யார் என்பதே. மறைந்தவர் பெயரை ‘இன்னாரின் மகள்’ என்று சொல்லும் இடத்தில் எழுதலாம், எழுதவும் வேண்டும். ஆனால், ‘தங்கள் வரவை நாடும்’ என்பதற்குக் கீழே உயிரோடு இருப்பவர் பெயர் மட்டுமே வர முடியும். அந்த இடத்தில் முதலில் வர வேண்டியவர் வள்ளி.

வீட்டுப் பெரியவர் சிலர் இதை ஏற்பதில்லை. மங்கல நிகழ்ச்சிக்குத் தம்பதியராக இருப்பவர்களே அழைக்க வேண்டும் என்பது அவர்கள் கருத்து. குறை சொல்ல வேண்டும் என்று அவர்கள் அப்படிச் சொல்வதில்லை. மணமக்கள் நன்றாக வாழ வேண்டும் என்னும் விருப்பத்தால் சொல்கின்றனர். என்றாலும், மணவறையில் நடக்கும் சடங்கு வேறு, அழைப்பிதழ் வேறு. பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்கும் சடங்கைப் பெரியப்பாவும் பெரியம்மாவும் செய்யலாம். அதனால், அழைக்கும் உரிமை தாயிடமிருந்து போய்விடாது. மகளை வளர்த்து ஆளாக்கியவரே, “என் மகள் திருமணத்திற்கு வாருங்கள்” என்று சொல்லக் கூடாது என்பது எப்படி நியாயமாகும்?

திருத்திய அழைப்பிதழ் இவ்வாறு அமையலாம்:

“அமரர் திரு. இராமன், திருமதி வள்ளி ஆகியோரின் மகள் கவிதாவுக்கும், திரு. சண்முகம் – திருமதி சாந்தி தம்பதியரின் மகன் குமரனுக்கும் திருமணம் நடைபெறும்.

தங்கள் வரவை நாடும்
திருமதி வள்ளி (மணமகளின் தாயார்)
திரு. முத்து – திருமதி தேவி (மணமகளின் பெரியப்பா, பெரியம்மா)”

இதில் பெரியப்பாவின் மதிப்புக் குறையவில்லை. அவருடைய உறவு தெளிவாகியிருக்கிறது. மறைந்த தந்தைக்கும் இடம் உண்டு. தாயும் தம் பெயரோடு நிற்கிறார்.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன், குடும்பத்தை அறியாத ஒருவரிடம் மாதிரியைக் காட்டுவது நல்லது. மணமக்கள் யார், அவர்களுடைய பெற்றோர் யார், அவர்களுள் மறைந்தவர் யார், அழைப்பவர் யார் என்று அவரைக் கேட்க வேண்டும். நான்கிற்கும் அவர் தயங்காமல் சரியான விடை சொன்னால் அச்சிடலாம். ஒன்றில் தடுமாறினாலும், அந்த வரியை மீண்டும் எழுதுவதே முறை.