மேடையேறிய பிள்ளைக்குச் சம்மதக் கடிதம் எதற்காம்?

"பிள்ளை ஊர் பார்க்கத்தானே ஆடுது? அதை வீடியோவில போட என்னத்துக்கு ஒப்பம்?" தீவகத்துப் பாடசாலைகளில் பரிசளிப்பு விழா நெருங்கும்போது எழும் கேள்வி இது. கேட்பவர்கள் கெட்டவர்களல்லர். விழாச் செலவில் பங்கெடுத்த பழைய மாணவர்கள் ரொறன்ரோவிலும் பாரிஸிலும் இருக்கிறார்கள். குறிகட்டுவானில் படகேறி நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ வர இயலாதவர்கள் படத்திலாவது பார்க்க ஆசைப்படுவது நியாயம். ஆனால் கேள்விக்கு அடியில் கிடக்கும் நம்பிக்கை, மேடையேறினால் எல்லாருக்கும் எப்போதும் காட்டலாம் என்பது, பிழையானது.

மண்டபத்தில் இருப்பவர்கள் அயலவர்கள். ஆட்டம் முடிந்தால் காட்சியும் முடிந்தது. யூடியூப்பில் ஏறிய ஆட்டத்தை முன்பின் தெரியாத ஒருவர் நிறுத்தி, வெட்டி, தன் கைப்பேசியில் வைத்துக்கொள்ளலாம். பாடசாலை பிறகு அழித்தாலும் அந்தப் பிரதி அழியாது.

தீவில் இது இன்னும் கூர்மையானது. பெரிய நகரத்துப் பாடசாலையில் பிள்ளை ஆயிரத்தில் ஒரு முகம். சிறிய தீவில் ஒரு தரத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய பிள்ளைகள்தான். பின்திரையில் பாடசாலையின் பெயர். அறிவிப்பாளர் வாசிப்பது பிள்ளையின் முழுப்பெயர். ஊருக்குள் போகவர இருப்பது இறங்குதுறைதான். வேறு விலாசம் தேவையில்லை. அடிக்கும் கணவனிடமிருந்து தப்பித் தாய்வீட்டுக்கு வந்தவள், கடன்காரரிடமிருந்து ஒதுங்கியிருக்கும் குடும்பம், பெற்றோர் வழக்காடிக்கொண்டிருக்கும் பிள்ளை என்று இப்படியானவர்கள் எந்த ஊரிலும் உண்டு. பெற்றோர் கூட்டத்தில் எழும்பி "என்ர பிள்ளையை எடுக்க வேண்டாம்" என்று சொன்னால் ஏன் என்று ஊரே கேட்கும். காரணம் சொல்லாமல் மறுக்க அவர்களுக்கு இருக்கும் ஒரே வழி சம்மதக் கடிதம்.

சரி, கடிதம் அனுப்புகிறோமே என்பார்கள். எப்படிப்பட்ட கடிதம்? "பிள்ளையின் படங்கள் பாடசாலைத் தேவைகளுக்குப் பயன்படுத்தப்படலாம், ஒப்பமிட்டு நாளை அனுப்பவும்." எந்தத் தேவை, எங்கே, எவ்வளவு காலம் என்று ஒன்றுமில்லை. மறுப்பதற்குக் கோடுகூட இல்லை. ஒப்பமிடாவிட்டால் பிள்ளையை ஆட்டத்திலிருந்து எடுத்துவிடுவார்களோ என்று தாய் பயப்படுவாள். அந்தப் பயத்தில் விழுந்த கையெழுத்துக்குச் சம்மதம் என்று பெயரா? ஸ்வீடனின் ஷெலெஃப்தியோ நகரத்துப் பாடசாலையொன்று முகமறி கருவியால் வரவு பதிந்தது. குடும்பங்களின் சம்மதம் கையிலிருந்தது. ஆனாலும் 2019இல் அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபை தண்டம் விதித்தது. பாடசாலைக்குக் கீழ்ப்பட்டிருக்கும் மாணவர் தரும் சம்மதம் சுயாதீனமானதல்ல என்பது அது சொன்ன காரணங்களில் ஒன்று. முகமறி கருவியும் நடன வீடியோவும் ஒன்றல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதிபருக்கும் தாய்க்கும் இடையிலுள்ள ஏற்றத்தாழ்வு அங்கும் இங்கும் ஒன்றுதான். நமது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சிறுவர் பற்றிய தரவைத் தனிக் கவனத்துக்குரிய வகையில் சேர்த்திருக்கிறது. அதன் பல பகுதிகள் நடைமுறைக்கு வருவது தள்ளிப்போனதை ஒரு சாக்காக எடுக்கத் தேவையில்லை.

உருப்படியான கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போகாது. மண்டபத்தில் திரையிட, பெற்றோருக்குப் பென் டிரைவில் கொடுக்க, பேஸ்புக்கிலும் யூடியூப்பிலும் போட, நிதி சேர்ப்பவர்களுக்கு அனுப்ப என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே 'ஆம்', 'இல்லை' இருக்க வேண்டும். முதலாவதுக்கு இணங்கும் தாய் கடைசியானதை மறுக்கலாம். பெயர் எழுத்தில் வருமா என்பது வேறொரு கேள்வி. மறுத்தாலும் பிள்ளை ஆடும் என்ற வரி மேலேயே, பெரிய எழுத்தில். கடிதம் திரும்பி வராவிட்டால் அதற்குப் பொருள் 'இல்லை'. பெற்றோர் வெளிநாட்டில் இருந்து அம்மம்மா பிள்ளையை வளர்க்கும் வீடுகளுக்கு ஒரு கிழமையாவது அவகாசம் வேண்டும்; அம்மம்மாவின் ஒப்பத்தோடு நின்றுவிடாமல் தாயிடமும் தொலைபேசியில் கேட்க வேண்டும்.

"அப்ப ஒரு பிள்ளைக்காக முழு நடனத்தையும் வெட்டுறதோ?" என்று ஒளிப்பதிவாளர் கேட்பார். தேவையில்லை. ஒத்திகையன்றே வகுப்பாசிரியர் 'இல்லை' சொன்ன பிள்ளைகள் எந்த வரிசையில் எந்த இடம் என்று ஒரு தாளில் குறித்துக் கொடுக்கலாம். அவர்களை ஓரத்துக்குத் தள்ளக் கூடாது, அது தண்டனை. கமராவைத்தான் நகர்த்த வேண்டும். ஒன்று மண்டபத்துக்கு, மற்றது வெளியே போக என இரண்டு கமரா வைத்தால் வேலை இலகு. ஒரே கமராவானால் கால் தாளம், கை முத்திரை, பக்கவாட்டுக் காட்சிகளை நிறைய எடுத்துக்கொண்டால் தொகுப்பவர் அவற்றால் இடைவெளியை நிரப்புவார். முகத்தை மங்கலாக்குவது மட்டும் இங்கே உதவாது. பத்துப் பேரில் ஒன்பது முகம் தெளிவாயிருந்தால் பத்தாவது யாரென்று ஊருக்குத் தெரியும். ஏன் மறைத்தார்கள் என்ற கதையும் கிளம்பும்.

நேரலையில் இந்த வித்தைகள் எதுவும் செல்லாது, அதில் வெட்ட நேரமில்லை. ஒரு பிள்ளையாவது மறுத்திருந்தால் அந்த நிகழ்ச்சிக்கு நேரலையை நிறுத்த வேண்டும். ரொறன்ரோக்காரர் தொகுத்த படத்துக்குப் பத்து நாள் காத்திருக்கட்டும்.