துளைக்குள் உடைந்த டேப்

பட்டறையில் ஒருவர் "டேப் உடைஞ்சிருச்சு" என்று சொன்னால், தண்ணீர்க் குழாயை நினைத்துவிடாதீர்கள். இரும்பில் போட்ட துளைக்குள் போல்ட் ஏறுவதற்காக மரை வெட்டும் கருவிக்கும் டேப் என்றுதான் பெயர். பார்க்க போல்ட் மாதிரியே இருக்கும். நீளவாக்கில் மூன்று அல்லது நான்கு பள்ளங்கள் ஓடும். வெட்டுப்படும் இரும்புச் சுருள் அந்தப் பள்ளங்களில் வந்து சேரும்.

ஷா ஆலமில் என் சித்தப்பாவின் பட்டறைக்குச் சென்ற மாதம் போயிருந்தபோது அப்படி ஒன்று உடைந்தது. 20 மில்லிமீட்டர் கனமுள்ள எஃகுத் தகட்டில் 12 துளைகள். எல்லாம் எம் 8 போல்ட்டுக்கானவை. பத்தாவது துளையில் டேப் உடைந்து, மேற்பரப்புக்கு 3 மில்லிமீட்டர் கீழே தங்கிவிட்டது. அந்த ஒரு துளை கெட்டால், இரண்டு நாள் வேலை செய்த தகடு முழுவதும் வீண். வேலை செய்த தம்பி உடனே டிரில்லை எடுத்தார்.

"கீழே வைப்பா. அதுவும் உன் டிரில் மாதிரி கெட்டியான இரும்புதான். டிரில் வழுக்கிப் போய்ப் பக்கத்து இரும்பைத் தின்னும், துளைதான் கோணலாகும்" என்றார் சித்தப்பா.

அவர் எடுத்தது டேப் எக்ஸ்ட்ராக்டர். அதன் முனையில் மெல்லிய எஃகு விரல்கள் நீண்டிருக்கும். அவை உடைந்த டேப்பின் பள்ளங்களுக்குள் இறங்கி அதைப் பிடித்துக்கொள்ளும். டேப்பின் அளவும் பள்ளங்களின் எண்ணிக்கையும் பொருந்த வேண்டும். உடைந்தது நான்கு பள்ளமுள்ள டேப் என்பதால், எம் 8 அளவில் நான்கு விரல் உள்ளதை எடுத்தார்.

ஆனால் அதைத் துளைக்குள் விடுவதற்கு முன்பு கால் மணி நேரம் துப்புரவு வேலைதான் நடந்தது. கண்ணாடி அணிந்துகொண்டு, பள்ளங்களில் அடைத்திருந்த சுருளையும் உடைந்த சில்லுகளையும் ஊசியால் கிளறி, காந்தத்தால் எடுத்தார். ஒரு சில்லு மீதி இருந்தாலும் விரல் அடிவரை இறங்காது. பிறகு, துருப்பிடித்த போல்ட்டைக் கழற்றும் எண்ணெயைச் சில சொட்டுகள் விட்டு ஊற விட்டார்.

அடுத்து மூன்று அசைவுகள். முதலில் விரல்களை மெதுவாகப் பள்ளங்களின் அடிவரை இறக்கினார். பிறகு விரல்களைத் தாங்கும் உடம்புப் பகுதியை, உடைந்த டேப்பின் தலையில் முட்டும்வரை தள்ளினார். கடைசியாக வெளி வளையத்தைத் தகட்டின் மேல் உட்காரும்வரை இறக்கினார். விரல் எவ்வளவு நீளம் தாங்கலின்றி நிற்கிறதோ, அவ்வளவு எளிதாக முறுக்கிக்கொள்ளும். அதனால்தான் வளையம் கீழே வந்தே ஆக வேண்டும்.

டேப் சுழற்றும் இருபக்கக் கைப்பிடியை மாட்டியதும் அவர் நேராக இடப்பக்கம் திருப்பவில்லை. சற்றே வலம், சற்றே இடம் என்று ஆட்டிக்கொண்டே இருந்தார். டேப்பின் பற்களுக்கும் எஃகுக்கும் நடுவே சுருள் ஆப்பு மாதிரி இறுகியிருக்கும். இந்த ஆட்டம்தான் அதைத் தளர்த்தும். கைப்பிடியை என்னிடமும் கொடுத்தார். விட்டதும் ஸ்பிரிங் போலத் திரும்பி வந்தது. "இப்போ முறுக்குறது விரல் மட்டும்தான், டேப் அசையல. இன்னும் பலம் போட்டா விரல் உடையும்" என்றார். மறுபடியும் எண்ணெய், மறுபடியும் ஆட்டம். ஐந்தாவது முறையோ ஆறாவது முறையோ, திருப்பிய கைப்பிடி திரும்பி வராமல் அங்கேயே நின்றது. அசைந்துவிட்டது! அதற்குப் பிறகுதான் இடப்பக்கச் சுற்று. இறுகியபோதெல்லாம் அரைச் சுற்று பின்னால் போய், மீண்டும் முன்னால் வந்து, டேப் துண்டு முழுதாக மேலே வந்தது.

எல்லா நேரமும் இது பலிக்காது. டேப் பல துண்டுகளாக நொறுங்கியிருந்தால் விரல் பிடிக்க இடமில்லை. பள்ளமே இல்லாத டேப்பும் உண்டு, அதற்கும் பயன்படாது. அப்போது மின்பொறியால் அரித்தெடுக்கும் இயந்திரம் உள்ள இடத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

டேப் ஏன் உடைந்தது? சித்தப்பா டிரில்லை அளந்து பார்த்தார். எம் 8 மரைக்கு 6.8 மில்லிமீட்டர் துளை வேண்டும். 6.8 டிரில் மழுங்கியதால், கடைசி மூன்று துளைகளையும் தம்பி 6.5 டிரில்லால் போட்டிருந்தார். வித்தியாசம் 0.3 மில்லிமீட்டர்தான், ஆனால் டேப் வெட்ட வேண்டிய இரும்பு அதிகமாகி, சுருளும் அதிகமாகி, பள்ளங்கள் அடைத்துக்கொண்டன.

புது 6.8 டிரில் வாங்கி வந்து அந்த மூன்று துளைகளையும் அகலமாக்கினார்கள். புது டேப்பை எண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னால் போனால் கால் சுற்று பின்னால் வந்து சுருளை முறித்தபடி இறக்கினார் தம்பி. பத்தாவது துளையில் போல்ட்டை வைத்தபோது விரலாலேயே அடிவரை இறங்கியது.