குறைந்த காசு யார் கணக்கில்?

பன்விலையில் தோட்ட லயமொன்றில் வளர்ந்த என் அக்கா மகள், கண்டி நகரில் ஒரு கடையில் காசாளராக வேலை செய்கிறாள். அதிகாலையில் எழுந்து வத்தேகம ஊடாகப் போகும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். மாதச் சம்பளம் 32,000 ரூபா. அண்மையில் ஒரு மாதம் அதில் 8,450 ரூபாவை வெட்டிவிட்டார்கள். சம்பளச் சீட்டில் “காசுக் குறைவு” என்று மட்டும் இருந்தது.

“ஒரு கடதாசியில சைன் வைக்கச் சொன்னாங்க மாமா, வச்சிட்டேன்” என்றாள். கடதாசி சிங்களத்தில் இருந்திருக்கிறது. அவளுக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது.

இப்படியான கழிவுகளைப் பற்றிப் பேசும்போது காசு குறைந்தது, ஆகவே காசாளர் கட்ட வேண்டும் என்று எல்லோரும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். இந்த இரண்டுக்கும் இடையில் ஒரு கணக்கு இருக்கிறது. அதைக் காட்டச் சொல்லிக் கேட்பதுதான் தொழிலாளியின் முதல் உரிமை.

அவளுடைய கணக்கையே பார்ப்போம். காலையில் லாச்சியில் வைத்த சில்லறை 5,000 ரூபா. பில் மெஷின் அன்றைய காசு விற்பனையாகக் காட்டியது 74,300. ஆக 79,300 இருக்க வேண்டும். எண்ணியபோது இருந்தது 70,850. குறைவு 8,450. முதலாளி இந்த இடத்தோடு நிறுத்திவிட்டார்.

அடுத்த படி, கார்ட் மெஷினின் நாள் முடிவுச் சீட்டைப் பக்கத்தில் வைப்பது. பில் மெஷின் கணக்கில் கார்ட் விற்பனை 25,700 ரூபா. கார்ட் மெஷினில் உண்மையில் வந்திருந்ததோ 31,900. வித்தியாசம் 6,200. அதாவது கார்ட்டில் வந்த ஒரு பில்லைக் காசு என்று தட்டியிருக்கிறார்கள். அந்தக் காசு லாச்சிக்கு வரவே இல்லை. கடையின் வங்கிக் கணக்குக்குப் போயிருக்கிறது. கடைக்கு நட்டமே இல்லாத ஒரு தொகையை அவள் சம்பளத்திலிருந்து எடுத்திருக்கிறார்கள்.

மீதி 2,250 ரூபா உண்மையாகவே குறைகிறது. ஆனால் அவள் சாப்பிடப் போன நேரத்தில் இன்னொருவர் அதே லாச்சியில், அவளுடைய இலக்கத்திலேயே பில் போட்டிருக்கிறார். கைமாறும்போது காசு எண்ணப்படவில்லை. அப்படியென்றால் அந்தக் குறைவு யாருடையது என்று எவராலும் சொல்ல முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது? கடை, அலுவலக ஊழியர்களுக்கு 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. சட்டம் அனுமதிக்கும் வகையான கழிவுகளை மட்டுமே செய்யலாம்; எல்லாக் கழிவும் சேர்ந்து சம்பளத்தின் 60 வீதத்தைத் தாண்டக்கூடாது. இந்த 60 வீதத்தைச் சில முதலாளிமார் அனுமதியாக வாசிக்கிறார்கள். அது உச்ச வரம்பு மட்டுமே. அதற்குள் எதையும் வெட்டலாம் என்று அதற்கு அர்த்தம் இல்லை.

இந்தியாவின் 1936ஆம் ஆண்டுச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் இதைத் தெளிவாக எழுதி வைத்தது. காசுக் குறைவோ பொருள் சேதமோ தொழிலாளியின் கவனயீனத்தால் நேரடியாக வந்திருக்க வேண்டும். கழிவு நட்டத்தை மிஞ்சக்கூடாது. அவர் பக்க விளக்கத்தைக் கேட்காமல் வெட்டக்கூடாது. உடைந்த ஸ்கேனருக்கும் இதே கேள்விகள்தான். நான்கு வருடம் பாவித்த கருவிக்குப் புதிய கருவியின் விலையை வெட்டினால், நட்டத்துக்கு மேல் வெட்டியதாகிவிடும்.

நாங்கள் தமிழில் ஒரு பக்கக் கடிதம் எழுதினோம். அந்தக் கழிவுக்குச் சம்மதிக்கவில்லை என்றும், விளங்காத மொழியில் கையொப்பம் வாங்கப்பட்டது என்றும் முதல் வரியில் சொன்னோம். பிறகு காசு எண்ணிய தாள், இரண்டு மெஷின்களின் சீட்டுகள், அன்று அந்த லாச்சியைத் தொட்டவர்களின் பெயர்கள், எந்தச் சட்டத்தின் கீழ் கழிவு என்ற விளக்கம் ஆகியவற்றைக் கேட்டோம். சக ஊழியர் ஒருவரின் முன்னால் அவளை விசாரிக்க வேண்டும் என்றும் கேட்டோம். பிரதியில் திகதியோடு “கிடைத்தது” என்று எழுதி வாங்கினாள். அந்தப் பிரதி இல்லாவிட்டால், கேட்கவே இல்லை என்று பிறகு சொல்லிவிடுவார்கள்.

கார்ட் சீட்டு வெளியே வந்ததும் 6,200 ரூபா அடுத்த சம்பளத்தில் திரும்பி வந்தது. 2,250 வரவில்லை. “பொறுப்பு உன்னுடையது” என்ற ஒற்றை வரிதான் அதற்குக் கிடைத்த விசாரணை.

அதற்கு இனித் தொழில் திணைக்களத்துக்கு முறைப்பாடு எழுத வேண்டும். அதைத் தமிழிலேயே எழுதவும், தமிழிலேயே பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. ஆனால் அவள் தயங்குகிறாள். “வேலை போயிட்டா?” என்று கேட்கிறாள். 2,250 ரூபாவுக்காக 32,000 ரூபா வேலையைப் பணயம் வைக்கச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. சின்னத் தொகைக் கழிவுகள் நிலைத்து நிற்பது இந்தத் தயக்கத்தின் மேல்தான்.

இப்போது அவள் சாப்பிடப் போகுமுன் காசை எண்ணி, தொகையை எழுதி, அடுத்தவரிடம் கையொப்பம் வாங்குகிறாள். கடை செய்திருக்க வேண்டிய வேலை அது.