வரவேற்புரை: பெயர்ப் பட்டியல் ஒருமுறை போதும்

ஆண்டு விழாக்களின் பருவம் இது. அழைப்பிதழ் அச்சுக்குப் போய்விட்டது, பந்தல்காரருக்கு முன்பணம் கொடுத்தாயிற்று, நடனப் பயிற்சியும் நடந்துகொண்டிருக்கிறது. தலைமையாசிரியையின் மேசையில் மிச்சமிருப்பது வரவேற்புரை. பெரும்பாலும் அது முந்தின நாள் இரவு, சென்ற ஆண்டின் தாளைப் பார்த்து எழுதப்படுகிறது. நீளுவதும் அங்கேதான் தொடங்குகிறது.

வரவேற்புரை ஏன் நீளுகிறது? பேசுபவரின் ஆர்வத்தால் என்று நினைக்கிறோம். உண்மையில் ஒரே பட்டியலை இரண்டு முறை படிப்பதால்தான் நீளுகிறது. முதலில் ‘விழாத் தலைவர் அவர்களே, சிறப்பு விருந்தினர் அவர்களே’ என்று மேடையில் இருக்கும் அத்தனை பேரையும் விளிக்கிறோம். பிறகு அதே வரிசையில் ‘தலைவர் அவர்களை வருக வருக என வரவேற்கிறேன்’ என்று மறுபடி தொடங்குகிறோம். அழைப்பிதழில் 11 பெயர்கள் இருந்தால், பதவியும் பட்டமும் சேர்த்து ஒவ்வொன்றுக்கும் சுமார் பத்து விநாடி ஆகும். இரண்டு சுற்றுக்கு ஏறக்குறைய நான்கு நிமிடம் போய்விடும். முதல் சுற்று முடியும்வரை வரவேற்பு என்று ஒரு சொல்கூடச் சொல்லியிருக்க மாட்டோம். அடுத்துப் பேசும் ஒவ்வொருவரும் அதே பட்டியலை விளிப்பார்கள், நன்றியுரையிலும் அது மீண்டும் வரும். மேடைக்குப் பின்னால் முதல் நடனத்துக்கான ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அரிதாரம் வியர்வையில் வழிய நின்றுகொண்டிருப்பார்கள்.

தீர்வு எளிது. விளிப்பை முழுவதுமாக விட்டுவிடலாம். ‘அனைவருக்கும் என் அன்பான வணக்கம்’ என்ற ஒரு வரி போதும். பெயர்கள் ஒவ்வொன்றும் வரவேற்கும் இடத்தில் ஒரே ஒருமுறை வரட்டும். விளித்துப் பேசாவிட்டால் மரியாதைக் குறைவாகிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. விருந்தினர் எதிர்பார்ப்பது தம் பெயர் பிழையில்லாமல், உரிய இடத்தில் ஒலிக்க வேண்டும் என்பதை மட்டுமே. எத்தனை முறை ஒலித்தது என்று யாரும் எண்ணுவதில்லை.

ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியை எடுத்துக்கொண்டு எழுதிப் பார்ப்போம். மேடையில் ஊராட்சி மன்றத் தலைவர், பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி, முன்னாள் மாணவர் ஒருவர் இருக்கிறார்கள். தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்து எல்லோரும் அமர்ந்தாயிற்று. தலைமையாசிரியை இப்படித் தொடங்கலாம்:

“அனைவருக்கும் என் அன்பான வணக்கம். இன்று காலை ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ஓடிவந்து, ‘டீச்சர், எங்கம்மா இன்னைக்கு வேலைக்குப் போகலையாம், நான் ஆடுறதைப் பார்க்க வராங்களாம்’ என்றாள். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்து அமர்ந்திருக்கிற பெற்றோர் எல்லோரையும் இந்தப் பள்ளி வரவேற்கிறது. இரண்டு ஆண்டுகளாகக் கோடையில் வறண்டு கிடந்த நம் குழாயில் தண்ணீர் வர ஏற்பாடு செய்த ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களை வரவேற்கிறேன். மாதக் கூட்டத்துக்கு ஒருமுறைகூடத் தவறாமல், கைக்குழந்தையோடு வந்து கையெழுத்திடும் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி அவர்களை வரவேற்கிறேன். இதோ அந்த வேப்பமரத்தடி வகுப்பில் படித்து, இன்று கால்நடை மருத்துவராக நம் முன் அமர்ந்திருக்கும் முன்னாள் மாணவர் அவர்களை வரவேற்கிறேன்.”

இதில் புகழ்ச்சி எங்கும் இல்லை. ‘கல்விக் காவலர்’, ‘ஏழைகளின் விளக்கு’ எதுவும் வரவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கியம், அதில் அவர் இந்தப் பள்ளிக்குச் செய்த ஒரு காரியம். எழுதும்போது ஒருவருக்கு அப்படி ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை என்றால் பொய்யாக ஒன்றைச் சேர்க்க வேண்டாம். பெயரும் பதவியும் சொல்லி வரவேற்றாலே போதும். குழாயில் தண்ணீர் வந்ததா இல்லையா என்பது கீழே அமர்ந்திருக்கும் ஊருக்குத் தெரியும்.

பெயர் வாக்கியத்தின் கடைசியில் வருவதையும் கவனியுங்கள். ‘ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களை வரவேற்கிறேன், அவர்தான் நமக்கு…’ என்று தொடங்கினால், பெயர் கேட்டவுடன் கைதட்டல் எழும், பொன்னாடையோ புத்தகமோ எடுத்துக்கொண்டு பிள்ளை புறப்படும், விருந்தினர் எழுந்து நிற்பார், மீதி வாக்கியம் யார் காதிலும் விழாது. காரியத்தை முன்னால் சொல்லிப் பெயரைப் பின்னால் வைத்தால், பெயரே பிள்ளைக்குச் சைகையாகிவிடும். கைதட்டி முடியும்வரை நிறுத்தி, பிறகு அடுத்தவருக்குப் போகலாம். தொகுத்து வழங்கும் ஆசிரியர் அதே பெயரை மறுபடி அறிவிக்கத் தேவையில்லை என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ள வேண்டும். இதை ஒத்திகையில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

பெற்றோரை முதலில் வைத்ததைச் சிலர் ஆட்சேபிக்கலாம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009 பள்ளி மேலாண்மைக் குழுவில் குறைந்தது முக்கால் பங்கு பெற்றோரோ பாதுகாவலரோ இருக்க வேண்டும் என்கிறது. பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அப்படியிருக்க, அவர்களை ‘மற்றும் பெற்றோர்களே, பொதுமக்களே’ என்று வால் போலக் கடைசியில் ஒட்டுவதுதான் பொருத்தமில்லாதது. மேடையிலுள்ளவர்களின் வரிசை அழைப்பிதழில் உள்ளபடியே இருக்கட்டும். அதை மாற்றினால் வரும் மனத்தாங்கல் அடுத்த ஆண்டு விழாவரை நீடிக்கும்.

பெயர் விடுபடுவது தனிச் சிக்கல். உரை தொடங்கிய பிறகு கார் வந்து நிற்கும், கையில் துண்டுச் சீட்டு நீளும். முழு உரையையும் ஒரே தாளில் எழுதியிருந்தால் அந்தப் பெயரை எங்கே நுழைப்பது என்று தெரியாமல் தடுமாறுவோம். ஒரு விருந்தினருக்கு ஓர் அட்டை என்று எழுதிக்கொண்டால், வந்தவரின் அட்டையை உரிய இடத்தில் செருகலாம், வராதவரின் அட்டையை எடுத்துவிடலாம். தாள் போல ஒலிபெருக்கி முன் சலசலக்கவும் செய்யாது. அட்டையில் தலைப்பெழுத்து, பட்டம், திருமதியா செல்வியா என்பதெல்லாம் சம்பந்தப்பட்டவரிடமோ அவர் அலுவலகத்திலோ கேட்டுச் சரிபார்த்ததாக இருக்க வேண்டும். சென்ற ஆண்டுத் தாளை நம்பக் கூடாது. பதவிகள் மாறியிருக்கும்.

இன்னொரு நீளம் ஆண்டறிக்கையிலிருந்து வருகிறது. தேர்ச்சி விழுக்காடு, கட்டப்பட்ட வகுப்பறை, வாங்கிய கேடயங்கள் இவையெல்லாம் அடுத்த நிகழ்ச்சியில் வரப்போகின்றன. வரவேற்புரையும் ஆண்டறிக்கையும் ஒரே தலைமையாசிரியையின் தலையில் விழும் பள்ளிகளில் இரண்டும் கலந்து போவது இயல்பு. உதவித் தலைமையாசிரியர் இருக்கும் இடங்களில் அறிக்கையை அவரிடம் கொடுத்துவிடலாம். இல்லாத இடத்தில், புள்ளிவிவரம் வரும் எந்த வரியும் அறிக்கைக்கு உரியது என்று ஒரு விதி வைத்துக்கொள்ளலாம். நாற்காலி தந்தவர், பந்தல் போட்டவர், ஒலிபெருக்கிக்காரர் எல்லோரும் நன்றியுரைக்கு உரியவர்கள். மதிய உணவு சமைக்கும் அம்மாவையும் தூய்மைப் பணியாளரையும் மட்டும் வரவேற்புரையிலேயே சொல்லலாம் என்பது என் கருத்து. நன்றியுரை வரும் நேரத்தில் பாதி நாற்காலிகள் காலியாகிவிடும்.

மேடையில் நிதானமாகப் பேசினால் தமிழில் நிமிடத்துக்கு 80, 90 சொற்கள் போகும். நான்கு நிமிட உரை என்றால் 350 சொற்களுக்குள் அடங்க வேண்டும். கைதட்டலும் புத்தகம் கொடுப்பதும் சேர்ந்தால் அதுவே ஆறு நிமிடமாகும். விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, ஓர் ஆசிரியையைக் கைக்கடிகாரத்தோடு எதிரில் உட்காரவைத்து, உரக்க வாசியுங்கள். நான்கு நிமிடத்தைத் தாண்டினால் பெயர்களைக் குறைக்காதீர்கள். ஆண்டறிக்கையிலிருந்து நுழைந்த பத்தி எது என்று தேடி, அதை எடுத்துவிடுங்கள்.